பழைய பைக்குக்கு பொல்யூஷன் சர்டிபிகேட்: CO 5.2-லிருந்து 2.2-க்கு இறக்கிய கதை

வண்டி 2004 தயாரிப்பு, 100 சிசி, நான்கு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வைத்தது. புகையைச் சோதிக்கும் பி.யு.சி. மையத்தில் வந்த அளவு: CO எனும் கார்பன் மோனாக்சைடு 5.2 சதவீதம், HC எனும் ஹைட்ரோகார்பன் 1900 பிபிஎம். 31.3.2000-க்குப் பிறகு தயாரான இந்த வகை வண்டிகளுக்கு ஐடிலிங்கில் CO 3.5 சதவீதத்தையும் HC 4500-ஐயும் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு CO வரம்பு 4.5. ஆக, என் வண்டி CO-வில் மட்டும் ஃபெயில்.

இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போனால் HC ஏறும். பிளக் சரியாகப் பொறி விடாதபோதும் வால்வு சரியாக மூடாதபோதும் நடப்பது அதுதான். CO மட்டும் ஏறினால் பெட்ரோல் எரிகிறது, ஆனால் முழுசாக எரியக் காற்று போதவில்லை என்று அர்த்தம். அதனால் புது பிளக் போட்டு இந்த CO-வைக் குறைக்க முடியாது. கழற்றிப் பார்த்தேன், பிளக் முனையில் ஈரமில்லாத கரும்புகைப் படிவு. கலவையில் பெட்ரோல் கூடுதல் என்பதற்கு அதுவும் சாட்சி.

முதலில் சுலபமானவை. ஏர் ஃபில்டரில் புழுதி அப்பியிருந்தது, மாற்றினேன். சோக் முழுசாக விலகுகிறது. மிதவையின் உயரமும் சரி, பெட்ரோல் வழியவில்லை. திரும்பவும் அளந்தபோது 4.6. இறங்கியது, ஆனால் போதவில்லை.

அப்புறம்தான் ஏர் ஸ்க்ரூ. டெஸ்ட் நடப்பது ஐடிலிங்கில் என்பதால் மெயின் ஜெட்டுக்கு இங்கே வேலையே இல்லை. பைலட் ஜெட் தரும் பெட்ரோலும், ஏர் ஸ்க்ரூ விடும் காற்றும்தான் அந்த எண்ணை முடிவு செய்கின்றன. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது. வெளியே திருப்பினால் காற்று கூடி CO குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவையை அளப்பது. வெளியே திருப்பினால் CO ஏறும். இதைப் பார்க்காமல் கை வைக்கவே கூடாது. என் வண்டியில் ஃபில்டர் பக்கம்.

எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலிங்கைக் குறைத்து வைத்துவிட்டு (அது ஏறியிருந்தால் ஏர் ஸ்க்ரூவின் பாதிப்பு சரியாகத் தெரியாது) ஸ்க்ரூவை முழுசாக உள்ளே விட்டேன். எஞ்சின் திணற வேண்டும். திணறவில்லை. மூன்று சுற்று வெளியே எடுத்தும் சத்தத்தில் மாற்றமே இல்லை. ஸ்க்ரூ திரும்பியும் எஞ்சின் அதை உணரவில்லை என்றால், அதன் பின்னாலுள்ள காற்று வழி அடைத்திருக்கிறது, அல்லது பைலட் ஜெட்டின் துளை பெரிதாகிவிட்டது.

கார்புரேட்டரைப் பிரித்தால் இரண்டுமே. காற்று வழியில் பிசின் போல இறுகிய பழைய பெட்ரோல். கிளீனர் தெளித்து, காற்றடித்து, மறுமுனையில் சீராக வரும்வரை விட்டேன். பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகவே இல்லை. எப்போதோ யாரோ கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள். பித்தளை மென்மையானது, ஒரு கம்பி போதும் அதைக் கெடுக்க. அதே எண்ணுள்ள புது ஜெட் போட்டேன்.

இப்போது ஸ்க்ரூவுக்கு உயிர் வந்தது. மெல்ல வெளியே எடுக்க, ஒன்றரைச் சுற்றில் ஐடிலிங் தானாக ஏறி நின்றது. அதிலிருந்து கால் சுற்று கூடுதலாக வெளியே, பிறகு த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவால் 1400 ஆர்.பி.எம். இதையெல்லாம் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். CO-வுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

மையத்தில் வண்டியைச் சூடாகவே கொண்டுபோய் நிறுத்தினேன். சைலன்சரில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து எண் பொய்யாகக் குறையும், அதையும் முன்பே பார்த்திருந்தேன். CO 2.2, HC 1100. பாஸ். கூட்டம் இல்லாததால் ஒன்று கேட்டேன்: “அண்ணே, மீட்டர் ஓடும்போதே இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டுமா?” “பாருங்க தம்பி” என்றார். அரைச் சுற்று எடுத்ததும் CO 0.8-க்கு இறங்கியது, ஆனால் HC 2600-க்குத் தாவியது. ஐடிலிங்கும் தடுமாறியது. கலவை மிகவும் மெலிந்து, சில சுற்றுகளில் பற்றாமலே வெளியே போகிறது. அப்படியே ஓட்டினால் த்ராட்டிலை விடும்போது சைலன்சர் படபடக்கும், எஞ்சினும் கூடுதலாகச் சூடாகும். பழைய இடத்துக்கே திருப்பி வைத்துச் சர்டிபிகேட்டை வாங்கினேன். ஆறு மாதம் செல்லும்.