3.80-லேயே நின்றுவிட்ட மில்லி ஆம்பியர்

ஆத்தூர் ரோட்டில் ஒரு மரவள்ளி மாவு ஆலை. வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை நிறுத்திக் கழுவும்போது அங்கிருக்கிற கருவிகளைக் காலிபிரேஷன் செய்ய நான் போவேன். இந்த முறை ஸ்டீம் ஹெடரில் இருக்கும் ஒரே ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் என்னை இரண்டு தடவை சேலத்திலிருந்து அலைய விட்டது. அதில் பாதி தப்பு என்னுடையது.

கருவி சாதாரணமானதுதான். கேஜ் வகை, அதாவது வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்து அளப்பது. சிக்னல் கம்பியிலேயே டிஜிட்டலாகப் பேசும் ஹார்ட் உள்ள ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டர். சென்சாரின் உச்ச வரம்பு 20 பார், ரேஞ்ச் 0–16 பார். இந்த ரேஞ்சில் கணக்குப் போடுவது சுகம். 0 பாருக்கு 4 மில்லி ஆம்பியர், 16 பாருக்கு 20. இடையில் 16 பாருக்கு 16 மில்லி ஆம்பியர், அதாவது பாருக்கு ஒன்று. பாரோடு நாலைக் கூட்டினால் மில்லி ஆம்பியர் வந்துவிடும்.

கழற்றி மேசைக்குக் கொண்டு வந்து 24 வோல்ட் கொடுத்தோம். லூப்பில் 250 ஓம் ரெசிஸ்டர் போட்டோம். அது இல்லாவிட்டால் ஹார்ட் வழியாகக் கருவியைப் படித்து மாற்றுகிற கம்யூனிகேட்டர் பேசாது. தொடரில் ஒரு மல்டிமீட்டர். அழுத்தம் கொடுக்க ஹேண்ட் பம்ப், ஒப்பிட 20 பார் டிஜிட்டல் மாஸ்டர் கேஜ். அதன் துல்லியம் முழு அளவில் 0.05 சதவீதம், அதாவது 0.01 பார். ஆலை ஏற்கிற பிழை 0.04 பார். நாலுக்கு ஒன்று என்ற விகிதம் இருப்பதால் மாஸ்டரை நம்பி வேலை செய்யலாம்.

முதலில் முழு அழுத்தம் வரை மூன்று தடவை ஏற்றி இறக்கினோம். ரொம்ப நாள் ஒரே அழுத்தத்தில் கிடந்த சென்சார், முதல் ஏற்றத்தில் கொஞ்சம் சோம்பல் முறிக்கும். பிறகு வென்ட்டைத் திறந்துவிட்டு, எதையும் தொடாமல் இருக்கிறதை இருக்கிறபடி எழுதச் சொன்னேன். கூட வந்த தம்பி மல்டிமீட்டரைப் பார்த்து எழுதினான்: 0 பாரில் 3.80, 8 பாரில் 11.67, 16 பாரில் 19.63.

"அண்ணா, இது வளைஞ்சு போகுதுங்க. கீழ 0.20 கம்மி, நடுவுல 0.33 கம்மி, மேல 0.37 கம்மி. சென்சார் போயிருச்சுங்களா?"

நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கம்யூனிகேட்டரில் PV-ஐ, அதாவது கருவி தான் அளந்ததாகச் சொல்லும் அழுத்தத்தைப் பார்த்தேன். 0 பாரில் -0.29, 8 பாரில் 7.67, 16 பாரில் 15.63. மேல் இரண்டு புள்ளிகளும் மில்லி ஆம்பியரோடு அச்சாகப் பொருந்துகின்றன. கீழே மட்டும்தான் இடிக்கிறது. -0.29 பாருக்கு 3.71 வந்திருக்க வேண்டும், மீட்டரில் 3.80. டிரான்ஸ்மிட்டர் அளவீட்டுக்காக 3.8-க்குக் கீழே போகாது. அங்கேயே நின்றுகொள்ளும். அதற்கும் கீழே, 3.6 பக்கம் போனால் அது பழுதுக்கான சைகை. ஆக, மீட்டர் காட்டிய வளைவு பொய். PV நேர்கோட்டில்தான் போகிறது, பிழை -0.29, -0.33, -0.37.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டருக்குள் இரண்டு வீடு இருக்கிறது. ஒன்று, சென்சாரிலிருந்து PV வரைக்கும். இன்னொன்று, PV-யிலிருந்து மில்லி ஆம்பியர் வரைக்கும். ஒவ்வொன்றையும் திருத்த ஒரு டிரிம். மாஸ்டருக்கும் PV-க்கும் ஒத்துப்போகவில்லை என்றால் சென்சார் டிரிம். PV சரியாக இருந்து மில்லி ஆம்பியர் தப்பினால் அவுட்புட் டிரிம். இதை இடம் மாற்றிச் செய்தாலும் பேனலில் எண் சரியாக வந்துவிடும், அதுதான் ஆபத்தே. லூப் டெஸ்டில் 4, 20 இரண்டையும் வெளியே தள்ளச் சொன்னேன். மீட்டரில் 4.00, 20.00. இரண்டாவது வீட்டில் குறை இல்லை. கதவைச் சாத்திவிட்டோம்.

முதல் வீட்டுக்குள் இரண்டு பிழைகள் சேர்ந்து இருந்தன. -0.29 எல்லாப் புள்ளிகளிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறது, அது பூஜ்யத்தின் பிழை. அதைக் கழித்துவிட்டால் 8 பாரில் -0.04, 16 பாரில் -0.08 மிஞ்சுகிறது. அழுத்தத்தோடு கூடவே வளர்வதால் அது சாய்வின் பிழை, அதாவது ஸ்பேன். பூஜ்ய டிரிம் கோட்டை அப்படியே மேலே கீழே நகர்த்தும். மேல் டிரிம் கோட்டின் சாய்வை மாற்றும். அதனால்தான் கீழ் டிரிமை முதலில், மேல் டிரிமைப் பிறகு செய்கிறோம்.

ஆனால் மேல் டிரிமில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. இந்த வகைச் சென்சார்களில் பூஜ்யம் நகர்வது சகஜம். நிறுத்தி வைக்கும் சாய்மானம், சூடு, வயசு எல்லாமே அதைத் தள்ளும். சாய்வு ஒரே வருஷத்தில் அரை சதவீதம் ஓடுவது அபூர்வம். அப்படித் தெரிந்தால் முதலில் மாஸ்டரையும் பம்பின் கசிவையும் சந்தேகப்படுவேன், அடுத்து போன தடவை டிரிம் செய்த ஆளை. மாஸ்டரை வேறொரு கேஜோடு வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பம்பை 16-இல் நிறுத்தி ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். ஏற்றின சூடு ஆறும் வரை கொஞ்சம் இறங்கிப் பிறகு அசையாமல் நின்றது. கசிவில்லை. மிச்சம், போன வருஷத்து ஆள்.

அது நான்தான்.

போன வருஷ ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். டிரிம் செய்த பிறகு எடுத்த அளவு என்ற பத்தியில் 0.00, 4.00, 8.00, 12.00, 16.00 என்று கோலம் போட்ட மாதிரி இருந்தது. ஹேண்ட் பம்பில் யாருக்கும் அப்படி வராது. பைக்குள் கிடந்த என் பழைய குறிப்பு நோட்டைப் புரட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தின் ஓரத்தில், மேல் டிரிம் என்பதற்கு நேராக 16.08 என்று கிறுக்கியிருந்தேன். புரிந்துவிட்டது. பம்ப் 16.08-இல் நின்றிருக்கிறது. டிரிம் செய்யும்போது கம்யூனிகேட்டர் கொடுத்த அழுத்தம் என்னவென்று கேட்டிருக்கும். மாஸ்டர் காட்டிய 16.08-ஐ அடிக்காமல், தாளில் அச்சடித்திருந்த 16.00-ஐ அடித்திருக்கிறேன். 16.08-ஐ 16.00 என்று நம்பச் சொன்னால் சென்சார் நம்பத்தான் செய்யும். 16-ஐ 16.08-ஆல் வகுத்தால் 0.995. இன்று தெரிகிற சாய்வு அப்படியே அதுதான். அன்றைக்குப் பாய்லரை ஏற்ற அவசரப்படுத்தினார்கள், டிரிம் செய்த பிறகு மறுபடி ஐந்து புள்ளி எடுக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். எடுத்திருந்தால் அங்கேயே பல்லிளித்திருக்கும்.

தப்பான டிரிமின் மேல் இன்னொரு டிரிம் போடுவதை விட, முதலில் கருவியைச் செய்த கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்புவது மேல். பல மாடல்களில் Recall Factory Trim என்று மெனு இருக்கும். அதைக் கொடுத்துவிட்டுப் பார்த்தோம். வென்ட் திறந்த நிலையில் PV 0.02. மாஸ்டரில் 16.05 வரும்போது PV 16.06. பூஜ்யத்தில் மட்டும் Zero Trim கொடுத்தோம். பிறகு 0.00, அதே 16.05-க்கு 16.04. பிழை 0.01, ஏற்கக்கூடியது 0.04. மேல் டிரிம் தேவையே இல்லை. ஐந்து புள்ளி ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்து, இந்தத் தடவை மாஸ்டர் காட்டியதை அப்படியே எழுதினோம். 4.03, 8.01, 11.98 என்று கோணல்மாணலாகத்தான் இருந்தது.

(இடையில் ஒன்று. வென்ட்டைத் திறந்து பூஜ்யம் வைப்பது கேஜ் வகைக்குத்தான். வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் அப்சல்யூட் வகையை அப்படித் திறந்து Zero Trim கொடுக்க முடியாது. சேலத்தில் காற்றழுத்தமே 0.98 பார் பக்கம், ஏற்காட்டுக்கு ஏறினால் 0.85 பக்கம். அந்தக் காற்றைப் பூஜ்யமென்று சொல்லிக் கொடுத்தால் மொத்த அளவும் அவ்வளவுக்குக் கீழே போய்விடும். பெரும்பாலான கருவிகள் அவ்வளவு பெரிய திருத்தத்தை மறுத்துவிடும் என்பதுதான் ஆறுதல்.)

மாட்டிவிட்டு சேலம் திரும்பினேன். -0.29 எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலே திரும்பியது இரண்டாவது தப்பு. மறுநாள் காலை பாய்லர் ஆபரேட்டர் கூப்பிட்டார்.

"சார், ஹெடர் கேஜ் ஒம்பது காட்டுது, பேனல் ஒம்பது பாயிண்ட் மூணு காட்டுதுங்க. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

போய்ப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். டிரான்ஸ்மிட்டர் ஹெடருக்குக் கீழே, ஆள் நின்று பார்க்க வசதியான உயரத்தில் இருக்கிறது. ஹெடரிலிருந்து வரும் இம்பல்ஸ் லைனில் ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராக நிறைந்து நிற்கும். டேப் வைத்து அளந்தால் சரியாக 3 மீட்டர். 3 மீட்டர் தண்ணீர் 0.29 பார். சென்சார் ஸ்டீமின் அழுத்தத்தோடு இந்த 0.29-ஐயும் சேர்த்துத்தான் பார்க்கிறது. போன வருஷம் நான் போன பிறகு, பாய்லர் ஆறியிருந்த ஒரு நாள், பேனலில் 0.29 நிற்பதைப் பார்த்து அங்கிருந்தவர் ஒருவர் லைனில் தண்ணீரோடேயே Zero Trim கொடுத்திருக்கிறார். உச்ச வரம்பில் ஒன்றரை சதவீதம்தான் என்பதால் கருவியும் ஏற்றுக்கொண்டது. பேனலில் ஒன்பதுக்கு 8.95 வந்திருக்கும். அரை பாருக்கு ஒரு கோடு போட்ட கேஜில் அதை யார் பார்ப்பது?

அவர் நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் தண்ணீர் கருவியின் குறை அல்ல, அது கருவி நிற்கும் இடத்தின் கணக்கு. அதை டிரிமில் புதைத்தால் அடுத்து மேசையில் வைத்து காலிபிரேஷன் செய்கிறவன் பிழையென்று துடைத்துவிடுவான். நான் செய்தது அதுதான். அதன் இடம் ரேஞ்ச். டிரிமைத் தொடாமல் ரேஞ்சின் கீழ் எல்லையான LRV, மேல் எல்லையான URV இரண்டையும் இப்படி மாற்றினேன்:

```
LRV = 0.29 bar
URV = 16.29 bar
```

இப்போது தண்ணீர் மட்டும் நிற்கும்போது 4 மில்லி ஆம்பியர், ஹெடரில் 16 பார் இருக்கும்போது 20. பேனலில் 0–16 என்பதை மாற்ற வேண்டியதில்லை. கேஜ் 9, பேனல் 9.0.

டிரான்ஸ்மிட்டரின் சொந்த டிஸ்பிளே PV-ஐக் காட்டுவதால் அது 9.29-லேயே இருந்தது. ஆபரேட்டர் அதைக் காட்டி மறுபடி கேட்பதற்குள் சதவீதம் காட்டும்படி மாற்றிவிட்டேன். இல்லாவிட்டால் நாளைக்கே இன்னொருவர் Zero Trim கொடுத்துவிடுவார். அலுமினியத் தகட்டில் "லைனில் 3 மீட்டர் தண்ணீர், ரேஞ்ச் 0.29–16.29, டிரிம் வேண்டாம்" என்று பொறித்துக் கம்பியில் கட்டினோம்.

போன வருஷ ரிப்போர்ட்டைப் பற்றி மெயின்டனன்ஸ் பொறுப்பாளரிடம் நானே சொன்னேன். ஒரு வருஷம் பேனல் ஒன்பது பாரில் 0.05 குறைவாகக் காட்டியிருக்கிறது, சேஃப்டி வால்வு தனி என்பதால் அதைத் தாண்டிப் பாதிப்பில்லை என்று. அவர் பழைய தாளில் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.