சூலே பகோடா வீதி: பழைய படத்தின் மேல் புதிய படத்தைப் பொருத்திய அனுபவம்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் தாத்தா ஒட்டி வைத்திருந்த, ரங்கூனில் சூலே பகோடா என்ற பௌத்தத் தூபி நிற்கும் வீதியின் படம் ஒன்று மெல்லக் கரைந்து அதே இடத்தின் இன்றைய தோற்றமாக மாறும்படி ஒரு சிறு காணொளி செய்ய விரும்பினேன். படத்தில் ஆண்டு குறிக்கப்படவில்லை. ஆனால் பகோடாவுக்கு வலப்புறம் பின்னால், 1936-இல் கட்டி முடிக்கப்பட்ட ரங்கூன் நகர மண்டபம் அடுக்குக் கூரையோடு முழுமையாகத் தெரிவதால், அது அதற்குப் பிந்தைய படம் என்பது உறுதி.

முதல் முறை வீதியின் மேற்கு நடைபாதையில் நின்று, வடக்கு நோக்கிக் கைபேசியில் எடுத்து வந்தேன். கணினியில் GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் பழைய படத்தை அடியிலும் புதியதை மேலேயும் வைத்து, மேலடுக்கின் வழியே அடிப்படம் பாதி தெரியும்படி அதன் Opacity-ஐ 50 ஆக்கிப் பார்த்தபோது, பகோடாவின் உச்சியைச் சேர்த்தால் நகர மண்டபம் விலகியது. மண்டபத்தைச் சேர்த்தால் பகோடா இரட்டையாகத் தெரிந்தது. எவ்வளவு நீட்டிச் சுருக்கியும் இது தீரவில்லை. கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் ஒன்றுக்கொன்று எங்கே அமையும் என்பதை நாம் நிற்கும் இடம் மட்டுமே முடிவு செய்கிறது; லென்ஸையோ மென்பொருளையோ கொண்டு அதைத் திருத்த முடியாது.

நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கப் பகோடாவே உதவியது. அது எட்டுப் பட்டை கொண்டது. அந்தப் பட்டைகள் அடித்தளத்தோடு நின்றுவிடாமல் மணி வடிவப் பகுதி வரை ஏறுகின்றன. ஒரு பட்டையை நேராகப் பார்த்தால் அதன் இருபுறப் பட்டைகளும் சம அகலமாகத் தெரியும். நூறு மீட்டர் தொலைவில் ஐந்து மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே ஒன்று மற்றொன்றைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு ஒடுங்கிவிடும். ஆகவே அச்சிட்ட படத்தில் இரு பட்டைகளையும் அளவுகோலால் அளந்து, அந்த விகிதம் கிடைக்கும் வரை வீதியில் இடம் வலமாக நகர்ந்தேன். முன் பின் தொலைவுக்கு நகர மண்டபம் துணை நின்றது: பின்னால் போகப் போக, பகோடாவோடு ஒப்பிட மண்டபம் பெரிதாகத் தெரியும்.

அப்போதும் ஏதோ ஒட்டவில்லை. பழைய படத்தை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான், அருகில் நிற்பவர்களின் தலைகள் தாழ்ந்தும் தொலைவில் நடப்பவர்களின் தலைகள் உயர்ந்தும் இருப்பதைக் கவனித்தேன். தரையில் நின்று எடுத்திருந்தால், ஏறக்குறைய ஒரே உயரமுள்ளவர்களின் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் வந்திருக்கும். வீதியோரக் கட்டடங்களின் பால்கனிக் கோடுகளையும் சாலை விளிம்பையும் பென்சிலால் நீட்டி, அவை கூடும் புள்ளியில் அடிவானக் கோட்டை வரைந்தேன். வேட்டி கட்டிய ஒருவர் படத்தில் 11 மில்லிமீட்டர் இருந்தார். அவர் பாதத்திலிருந்து அந்தக் கோடு 33 மில்லிமீட்டர். அவருடைய உயரத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து மீட்டர். படம் எடுத்தவர் மாடி சன்னலில் இருந்திருக்கிறார்! அந்த இடத்துக்கு நேராக இருந்த துணிக்கடையின் பெரியவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். "மேலே வாங்க தம்பி, துணிக்கட்டைத் தள்ளி வச்சுத் தரேன்" என்று சன்னலைத் திறந்துவிட்டார்.

அங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது. பகோடாவின் உச்சி முழுதும் விழ வேண்டுமென்று கைபேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடங்கள் உள்நோக்கிச் சரிகின்றன; பழைய படத்திலோ அவை செங்குத்தாகவே நிற்கின்றன. எனவே கைபேசியைச் சாய்க்காமல், உச்சி அடங்கும் வரை அகலமாக எடுத்து, பிறகு கீழே மிஞ்சிய சாலையை வெட்டினேன். ஒளி இடப்புறத்திலிருந்து விழும் மாலை நேரமே வேண்டியிருந்தது. அதனால் வண்டி நெரிசலைத் தவிர்க்க முடியவில்லை. நாற்பது படங்கள் எடுத்து, முன்புறம் சற்றே காலியாக இருந்த ஒன்றைத் தேர்ந்தேன்.

GIMP-இல் அடுக்கின் Mode-ஐ Difference ஆக்கினால் ஒத்துப்போகும் விளிம்புகள் கறுத்துவிடும், ஒத்துப்போகாதவை வெள்ளைக் கோடாக மிஞ்சும். பகோடாவின் உச்சி, பட்டை விளிம்பு ஒன்று, மண்டபத்தின் கூரைமுனை ஆகிய மூன்றும் ஏறக்குறையக் கறுக்கும் வரை சிறிது சிறிதாக நகர்த்தினேன்; பட்டை விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மிஞ்சியது. மரங்களுக்காக மெனக்கெடவில்லை; அவை வளர்ந்தவை, பொருந்தாது.

கரைவை மூன்று விநாடி வைத்தேன். நொடிக்கு 25 படச்சட்டம் என்றால் 75 படச்சட்டங்கள். ஒரு விநாடியில் அது வெறும் வெட்டாகத் தெரிந்தது. ஆறு விநாடியிலோ இன்றைய கார்களும் அன்றைய மனிதர்களும் ஆவிகளைப் போல நெடுநேரம் கலந்து நின்றார்கள். பழுப்புப் படத்திலிருந்து நேராக வண்ணத்துக்குப் போனபோது இடைநிலை கலங்கலாக இருந்ததால், புதிய படத்தின் பழுப்பேற்றிய நகல் ஒன்றை நடுவில் வைத்தேன். முதல் கரைவில் காலம் மட்டும் மாறுகிறது. இரண்டு விநாடி நின்ற பின், அடுத்த கரைவில் வண்ணம் வருகிறது. பகோடாவின் பொன் மஞ்சள்தான் முதலில் கண்ணில் படுகிறது.

துணிக்கடைப் பெரியவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, பழைய படத்தின் இடது ஓரத்தில் நிழலாகத் தெரிந்த மரச்சட்டத்தைத் தொட்டுக் காட்டி, "இது இந்தச் சன்னல் இல்லை, அடுத்த சன்னல்" என்றார். அவர் சொன்னது சரியே. பட்டை விளிம்பில் மிஞ்சிய மெல்லிய வெள்ளைக் கோட்டுக்கு அதுவே காரணம்.