புது இரும்புக் கல்லில் தோசை ஏன் ஒட்டுகிறது: ஒரு கல் பழக்கிய விவரம்

கும்பகோணம் பாத்திரக் கடைகளில் வாங்கும் வார்ப்பிரும்புத் தோசைக்கல் சாம்பல் நிறத்தில், கை வைத்தால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அதில் மாவு ஊற்றினால் முதல் தோசை பிய்ந்துதான் வரும். எண்ணெய் போதவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். அப்போதும் ஒட்டும். ஈர மாவு கனமானது. அது விழுந்ததும் திரவ எண்ணெயை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நேராக இரும்பைத் தொட்டுவிடும். உளுந்தில் உள்ள புரதமும் அரிசி மாவுச்சத்தும் வெறும் இரும்பின் மேல் சூடேறும்போது அதோடு பிணைந்துகொள்ளும். பிறகு தோசைத் திருப்பியால் சுரண்டினால் முறுகல் கல்லோடு நிற்கும், மேல் மாவு மட்டும் கையோடு வரும்.

ஒட்டாமல் காப்பது ஊற்றுகிற எண்ணெய் அல்ல, கல்லின் மேல் இறுகிப்போன எண்ணெய். புகையும் அளவுக்குச் சூடேறும்போது எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து, கெட்டியான மெல்லிய படலமாக மாறுகிறது. அது இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் மாவு பிடித்துக்கொள்ள அதில் இடம் குறைவு. கல் பழக்குவது என்பது இந்தப் படலத்தைத் தடவித் தடவி ஏற்றுவதுதான்.

எல்லா எண்ணெயும் இப்படி இறுகாது. நல்லெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு, எளிதில் கோத்துக்கொள்ளும் கொழுப்பான லினோலிக் அமிலம். அதனால் நன்றாக இறுகும். கடலை எண்ணெயும் ஆகும். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது காய்ந்து புகையுமே தவிர லேசில் கோத்துக்கொள்ளாது. நெய்யும் அப்படித்தான். அவற்றைச் சுடும்போது விடலாம், பழக்குவதற்கு வேண்டாம்.

12 அங்குலக் கல் ஒன்றைப் பழக்கிய முறையைச் சொல்கிறோம். கடையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயோ மெழுகோ கல்லில் இருக்கும். முதலில் அது போக வேண்டும். வெந்நீர் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் தூளும் தேங்காய் நாரும் கொண்டு தண்ணீர் கருப்பாக வருவது நிற்கும் வரை தேய்த்தோம். எங்கள் பக்கத்தில் அரிசி கழுநீரிலோ வடிகஞ்சியிலோ ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. புளித்த கழுநீரில் லேசான அமிலம் இருப்பதால் மேல் துரு இளகும், அதனால் அது வீண் வேலை இல்லை. ஆனால் ஒரு இரவுக்கு மேல் போட்டுவைத்தால் வெறும் இரும்பு மறுபடி துருப்பிடிக்கும். கழுவிய கல்லைத் துணியால் துடைத்து நிறுத்தாமல் அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் எண்ணெய் பிடிக்காது.

பலர் வழுக்குவது அடுத்த கட்டத்தில். கல் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் மட்டும் விட்டு, பழைய வேட்டித் துணியை மடித்து முகப்பு, ஓரம், அடிப்பக்கம் எல்லாம் தேய்த்தோம். பிறகு வேறு உலர்ந்த துணியால், பூசியதைத் துடைத்தே எடுத்துவிடுவது போல அழுத்தித் துடைத்தோம். எண்ணெயே இல்லை என்று தோன்றும். அந்தத் தோற்றம்தான் சரியான அளவு. அதிகம் விட்டால் எண்ணெய் முழுவதும் இறுகாமல் பசையாக நின்றுவிடும். ஆறிய கல்லைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும், தோசையும் அந்தப் பசையில் ஒட்டும்.

துடைத்த கல்லை நடுத்தரத் தீயில் வைத்தால் சற்று நேரத்தில் புகை கிளம்பும். புகை அடங்கும் வரை விட வேண்டும். ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அணைத்து ஆறவிட்டு அடுத்த பூச்சு. முதல் பூச்சில் கல் செம்பழுப்பாகும், நாலைந்து பூச்சில் கருமை ஏறும். சிறிய பர்னரில் நடு மட்டும் சூடேறும், ஓரம் சாம்பலாகவே நிற்கும். அதனால் கல்லை நாலு பக்கமும் நகர்த்தி நகர்த்திச் சூடாக்கினோம்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு பெரிய வெங்காயத்தை நிறைய எண்ணெயில் கருக வதக்கிக் கொட்டினோம். அதன்பின் முதலில் ஊற்றியது மெல்லிய தோசை அல்ல, எண்ணெய் தாராளமாக விட்ட தடித்த ஊத்தப்பம். தடித்திருப்பதால் அது பிய்யாமல் ஒன்றாக எழும்பி வரும். முறுகல் தோசையை நாலைந்து சுடல்களுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

பழகிய கல்லும் சூடு தவறினால் ஒட்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மெதுவாகக் கொதித்து நின்றால் சூடு போதாது, மாவு வேகுமுன் பிணைந்துவிடும். துளி உருண்டு ஓடினால் சூடு அதிகம், மாவு கரண்டியோடு சுருண்டு வரும். சொய்ங் என்று உடனே மறைந்தால் அதுதான் பதம். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது, சூட்டைச் சற்று இறக்கி எண்ணெயை மெலிதாகப் பரப்பும். ஊற்றிய பின் ஓரம் தானாக எழும்பும் வரை கரண்டி போடக்கூடாது. அடிப்பக்கம் ஈரம் வற்றி முறுகலானதும்தான் அது பிடியை விடும்.

இந்தக் கல்லில் பின்னால் ஒரு குறை வந்தது. ஓரமெல்லாம் சுத்தமாக எழும்பி, நடுவில் உள்ளங்கையளவு இடம் மட்டும் ஒட்டியது. ஆறியபின் பார்த்தால் அந்த இடம் கருமை போய் மங்கலான சாம்பல் நிறம். காரணம் காலிக் கல்லைப் பெரிய தீயில் விட்டு வேறு வேலைக்குப் போனது. தீ நேரடியாகப் படும் நடுப்பகுதியில் படலமே எரிந்துவிட்டது. கல் முழுவதையும் தேய்த்துப் பழையபடி ஆரம்பிக்க வேண்டியதில்லை. கல்லுப்பும் சிறிது எண்ணெயும் போட்டு அந்த இடத்தை மட்டும் நாரால் தேய்த்து, கழுவிக் காயவைத்து, அங்கே இரண்டு மெல்லிய பூச்சு கொடுத்ததும் சரியானது. சப்பாத்திக்குத் தனிக் கல் வைப்பதற்கும் இதே காரணம்தான். வெறும் சூட்டில் படலம் எரியும், உதிர்ந்த கோதுமை மாவு கருகிக் கரடாக ஒட்டிநிற்கும்.

புளி, தக்காளி சேர்ந்த எதையும் இந்தக் கல்லில் நேரம் எடுத்துக் கிண்டக்கூடாது, அமிலம் படலத்தை அரிக்கும். புளித்த தோசை மாவு சில நிமிடம்தான் படுகிறது, அது தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றிலும் கழுவிய கல்லை அப்படியே கவிழ்த்து வைத்தால் காலையில் துரு நிற்கும். அடுப்பில் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து வையுங்கள்.

கல் கருகருவென்று இருந்தும் எல்லா இடத்திலும் சமமாக ஒட்டினால் மாவைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் நெல் அறுத்த தரிசு வயல்களிலிருந்து வரும் புது உளுந்து பழையதைவிட அதிகம் பொங்கும். வழக்கமான அளவு போட்டாலும் மாவு வழவழவென்றாகிக் கல்லைப் பிடிக்கும். அப்போது நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்பதை முக்கால் பங்காகக் குறையுங்கள். அரைத்துவிட்ட மாவென்றால் ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து, பத்து நிமிடம் வைத்து ஊற்றலாம்.