பிரித்துக்கொள்வதா, சேர்ந்து செய்வதா: தாண்டிக்குடிப் பக்கத்து ஒரு மிளகுக் கணக்கு

மகளிர் குழுவுக்கு வங்கிக் கடன் வந்ததும் முதலில் வரும் பேச்சு "தலைக்கு எவ்வளவு?" என்பதுதான். அதில் தப்பே இல்லை. பள்ளிக்கூடப் பணம், ஆஸ்பத்திரிச் செலவு, பழைய கடன் என்று எல்லார் வீட்டிலும் ஒரு அவசரம் காத்திருக்கிறது. ஆனால் சேர்ந்து ஒரு தொழில் செய்யவேண்டும் என்று வாங்கிய பணத்தையும் அப்படியே பிரித்துக்கொண்டால், தொழிலும் நடக்காது, தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் குழுக்களோடு வேலை செய்யும் எனக்கு, இந்த இடத்தில் பேசிப் புரியவைப்பதுதான் வேலையிலேயே கடினமான பகுதி.

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு குழு. 14 பேர். பாதிப்பேர் காபித் தோட்டத்தில் கூலி வேலை, எல்லார் வீட்டையும் சுற்றி சில்வர் ஓக்கிலோ முருக்கிலோ கொஞ்சம் மிளகுக்கொடி. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம், சாயங்காலம் சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்தோம். என்ன தொழில் என்று கேட்டதும் தையல், ஆடு, ஊறுகாய், சோப்பு என்று ஆளுக்கொன்று வந்தது. நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி கேட்டேன். மூலப்பொருள் யார் கையில் இருக்கிறது? நாளைக்கே யார் வாங்குவார்கள்? சோப்புக்கு இரண்டுமே வெளியில் இருந்தது. தையல் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஆடு நல்ல யோசனை, ஆனால் அது அவரவர் வீட்டில் வளர்க்கிற தொழில், அதற்குக் குழுச் சேமிப்பிலிருந்து தரும் உள்கடன் போதும். கடைசியில் மூலையில் இருந்த ஒரு அம்மா, "நம்மகிட்ட இருக்கிறது மிளகுதானே" என்றார்.

பேச்சு அங்கிருந்துதான் சூடு பிடித்தது. ஏனென்றால் மிளகை அவர்கள் எல்லாருமே விற்கிறார்கள், பச்சையாக. ஜீப்பில் வரும் வியாபாரி வீட்டு வாசலிலேயே எடை போட்டு எடுத்துக்கொள்கிறார். 20 கிலோ பச்சை மிளகு வைத்திருப்பவர் தனியாகக் காயவைத்து, வத்தலக்குண்டு வரை கொண்டுபோய் விற்றால் பஸ்ஸுக்கும் ஒரு நாள் கூலிக்குமே சரியாகிவிடும். சேர்ந்து காயவைத்தால்?

பலகையில் எழுதினேன். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொண்டோம். வியாபாரி பச்சை மணிக்கு கிலோ 150 ரூபாய் தருகிறார், குழு 160 தரட்டும். காய்ந்த மிளகு கிலோ 600. சரத்திலிருந்து உதிர்த்த பச்சை மணி 3 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோ வரும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 300 கிலோ பச்சை வாங்கினால் 48,000 ரூபாய். காய்ந்ததும் 100 கிலோ. முறத்தில் புடைத்தால் அதில் 5 கிலோ பொக்கு போகும், அதைப் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். ஆக 95 கிலோவுக்கு 57,000, பொக்குக்கு 1,500, மொத்தம் 58,500. கூலிக்கு 4,000, விறகு, சாக்கு, வண்டிக்கு 2,000 போனால் மிச்சம் 4,500.

"இவ்வளவுதானா மேடம்?" என்றார் ஊக்குநர் அக்கா. இவ்வளவுதான். ஆனால் அந்தக் கூலி 4,000 நம் பெண்களுக்கே வருகிறது, கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகத் தந்ததில் 3,000 விற்றவர்கள் கையில் இருக்கிறது. மூன்றையும் கூட்டினால் 11,500. முன்பு இது அவர்கள் யார் கைக்கும் வந்ததில்லை.

அடுத்த கணக்கையும் போட்டுக்காட்டினேன், அதைச் சொல்லாமல் எழுந்துபோவது நியாயமில்லை. அதே 300 கிலோ காய்ந்து 90 கிலோதான் வந்தால்? வரவு 52,500, செலவு 54,000. 1,500 நட்டம். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பத்து கிலோவில் தொழிலே கவிழ்கிறது. விலை ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை, ஆனால் அந்தப் பத்து கிலோ பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

எப்படிக் குறைகிறது என்பதை எனக்கு அவர்கள்தான் விளக்கினார்கள். முற்றாத சரத்தைப் பறித்தால் மணி சுருங்கி எடை போகும். திருட்டுக்குப் பயந்தோ, வியாபாரி அவசரப்படுத்தியோ, சீக்கிரம் பறித்துவிடுகிறார்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணியாவது சிவந்திருந்தால்தான் பறிக்கவேண்டும், அப்படிப் பறித்ததைத்தான் குழு எடுக்கும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். குழு வாங்கும் விலை எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால், ஒருவர் கொண்டுவரும் இளம் மிளகின் நட்டத்தை மற்ற பதின்மூன்று பேரும் சுமக்கவேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால் அந்த வீட்டு மிளகில் 3 கிலோவைத் தனியாகக் காயவைத்துப் பார்த்துவிடலாம், சண்டை வேண்டாம், தராசு சொல்லிவிடும்.

காயவைப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. உதிர்த்த மணியைத் துணியில் கட்டி, கொதிக்கும் வெந்நீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துவிட்டுக் காயப்போட்டால் கறுப்பு ஒரே சீராக வரும், காயும் நாளும் குறையும். நம் மலையில் மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் களத்தில் இருப்பது ஈரம் இழுத்துக்கொள்ளும், அதனால் தார்ப்பாயோடு அள்ளி உள்ளே வைக்க அன்றன்றைக்கு இரண்டு பேர் பொறுப்பு. கடித்தால் நறுக்கென்று உடையவேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே சாக்கில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும், ஒரு சாக்குக்காக மொத்தச் சரக்கையும் விலை குறைத்துக் கேட்பார்கள்.

எல்லாம் பேசி முடிந்த மாதிரி இருந்தபோதுதான் உண்மையான தடை வெளியே வந்தது. ஒரு அக்கா மெதுவாக, "நான் குழுவுக்குத் தரமுடியாது, ஆடியிலேயே முன்பணம் வாங்கிட்டேன்" என்றார். அவர் சொன்னதும் இன்னும் மூன்று பேர். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது வியாபாரி கொடுக்கும் பணத்துக்கு வட்டி எழுதுவதில்லை, மிளகு விலையில் கழித்துக்கொள்கிறார். சேர்ந்து செய்யலாம் என்று நான் எவ்வளவு பேசினாலும் அந்த முன்பணம் தீராமல் இவர்களால் வரமுடியாது. அதைத் தீர்க்கும் வழியையும் அவர்களேதான் கண்டுபிடித்தார்கள்: குழுச் சேமிப்பிலிருந்து நான்கு பேருக்கும் உள்கடன், அதை வியாபாரியிடம் கட்டிவிடுவது, உள்கடனை மிளகு விற்ற பணத்தில் கழிப்பது.

மற்றபடி சேமிப்பைத் தொழிலில் போடக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சேமிப்பு தனி, தொழில் பணம் தனி, இரண்டுக்கும் தனித்தனி நோட்டு. கொள்முதலுக்கும் முழுப்பணம் உடனே வேண்டாம் என்று முடிவானது, கிலோவுக்கு 100 கையில், மீதி 60 விற்றபிறகு. அப்போது 300 கிலோவுக்கு 30,000 போதும், வங்கியிலிருந்து எடுக்கும் கடனும் அந்த அளவுக்குக் குறையும்.

இரண்டு பேர் சேரவில்லை. அவர்களுக்கு வீட்டுக் கொடியில் பெரிதாக மிளகு கிடையாது, வேலைக்கு வர நேரமும் இல்லை. நட்டம் வந்தால் நாங்களும் கட்டவேண்டுமா என்று கேட்டார்கள், கேட்கவேண்டிய கேள்விதான், ஏனென்றால் குழுவின் பேரில் எடுக்கும் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, நட்டம் வந்தால் தாங்களே பகிர்ந்துகொள்வதாகத் தீர்மானத்தில் எழுதினார்கள். முதல் கொள்முதல் தை பிறந்தபிறகு, அதுவும் உறுப்பினர் வீட்டு மிளகு மட்டும். அதற்குள் தராசு வாங்குவதும், தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் வெந்நீர் முறையை நேரில் பார்த்துவருவதும் ஊக்குநர் அக்கா பொறுப்பு.