ஆனியில் க்ளிக், ஆவணியில் அட்வான்ஸ்: மரச்சாமான் விளம்பரத்துக்கு எத்தனை நாள் கணக்கு?

காரைக்குடிப் பக்கம் தேக்கு ஊஞ்சல், கட்டில், சாப்பாட்டு மேசை செய்து விற்கும் ஒரு பட்டறைக்கு அட்ரிபியூஷன் விண்டோவை எப்படி முடிவு செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறோம். விளம்பரத்தைத் தொட்ட ஒருவர் எத்தனை நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனையை விளம்பரத்தின் கணக்கில் எழுதலாம் என்பதுதான் இந்த விண்டோ. கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கித் தருகிறோம்.

கூகுள் ஆட்ஸில் க்ளிக்குக்கு இயல்பாக இருப்பது 30 நாள். 1 முதல் 90 வரை மாற்றலாம். மெட்டாவில் இயல்பு, க்ளிக்குக்கு 7 நாள், பார்வைக்கு 1 நாள். புடவைக்கும் பலகாரத்துக்கும் இது போதும். லட்ச ரூபாய் ஊஞ்சலுக்குப் போதாது. சென்னையில் மகன் போனில் படத்தைப் பார்ப்பார், ஆச்சிக்கு அனுப்புவார், வளவில் சங்கிலி மாட்ட இடம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள், பிறகு ஆடி வந்துவிடும். ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. ஆனி நடுவில் க்ளிக் செய்தவர் ஆவணியில் பணம் கட்டினால், நடுவே 60 நாள் சாதாரணமாகப் போய்விடும்.

முதலில் எல்லோரும் செய்யும் தவறு, கூகுள் ஆட்ஸில் “Days to conversion” என்று பிரித்துப் பார்த்து அதை நம்பிவிடுவது. விண்டோ 30 நாளாக இருந்தால், 30-ஆம் நாளுக்கு மேல் வந்த விற்பனை அந்த அட்டவணையில் இருக்கவே இருக்காது. ‘எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் 30 நாளுக்குள் வாங்கிவிடுகிறார்கள்’ என்று அது சொல்வது, 30 அங்குல டேப்பால் கதவை அளந்துவிட்டு எந்தக் கதவும் 30 அங்குலத்தைத் தாண்டவில்லை என்பது மாதிரி. உண்மையான இடைவெளி கடையின் ஆர்டர் நோட்டில்தான் இருக்கிறது.

ஆனால் ஆர்டர் நோட்டில் அட்வான்ஸ் தேதி இருக்கும், க்ளிக் தேதி இருக்காது. இதற்கு, ஒருவர் விசாரிக்கும் அன்றைக்கே க்ளிக்கின் அடையாளத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கூகுளில் ஆட்டோ டேகிங் போட்டிருந்தால் பக்க முகவரியின் பின்னால் `gclid` என்ற க்ளிக் அடையாளம் வரும். விசாரணைப் படிவத்தில் ஒரு மறைவான கட்டம் வைத்து அதைப் போன் நம்பரோடு சேர்த்துச் சேமித்தோம். வாட்ஸ்அப் பட்டனை அழுத்திப் போகிறவரிடம் இந்த அடையாளம் தொலைந்துவிடும். அதனால் பட்டனில் போகும் செய்தியிலேயே ‘ஊஞ்சல் விலை வேண்டும், எண் K417’ என்று ஒரு குறியீடு தானாக விழும்படி செய்து, K417-க்கு எந்த `gclid` என்பதைத் தனி ஷீட்டில் எழுதிக்கொண்டோம்.

அட்வான்ஸ் வரும்வரை பிரவுசர் அதை ஞாபகம் வைத்திருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. ஐபோனின் சஃபாரி, பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் போடும் குக்கீயை 7 நாளில் அழித்துவிடும். விளம்பர லிங்க் வழியாக வந்திருந்தால் சில சமயம் 24 மணி நேரத்திலேயே அழிக்கும். அங்கே விண்டோவை 90 என்று வைத்தாலும் நடைமுறையில் அது 7 நாள்தான். வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்களிடம் ஐபோன் அதிகம் என்பதால் இது சின்ன ஓட்டை இல்லை.

ஷீட்டில் A போன் நம்பர், B முதல் க்ளிக், C கடைசி க்ளிக், D அட்வான்ஸ் தேதி. E-யில் D-யிலிருந்து B-யைக் கழிக்கிறோம். குடும்பத்தில் ஒருவர் விசாரித்து இன்னொருவர் பணம் கட்டுவது இங்கே வழக்கம். பில் போடும்போது ‘முதலில் எந்த நம்பரிலிருந்து பேசினீர்கள்?’ என்று ஒரு வார்த்தை கேட்டால்தான் இரண்டு வரிகளும் ஒன்று சேரும்.

```
=D2-B2
=COUNTIF(E2:E41,"<=30")/COUNT(E2:E41)
```

எந்த விசாரணைகளை இந்தக் கணக்கில் எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். கடந்த 30 நாளில் விசாரித்தவர்களைச் சேர்த்தால், அவர்களில் வாங்கியவர்கள் எல்லோரும் 30 நாளுக்குள்தான் வாங்கியிருப்பார்கள். மற்றவர்களுக்கு இன்னும் நேரமே வரவில்லை. அதனால் குறைந்தது 180 நாள் பழைய விசாரணைகளை மட்டும் எடுத்தோம். ஆடியும் மார்கழியும் உள்ளே வரும்படி ஒரு முழு வருஷத்துப் பட்டியல் இருந்தால் இன்னும் நல்லது.

விளம்பரத்தில் தொடங்கி அட்வான்ஸ் வரை வந்த 40 ஆர்டர்கள் தேறின. முதல் க்ளிக்கிலிருந்து 7 நாளுக்குள் வந்தவை 6. 30-க்குள் மேலும் 10, 60-க்குள் மேலும் 12, 90-க்குள் மேலும் 8. அதற்கும் பின்னால் 4. அதாவது 7 நாளில் 15 சதவீதம், 30-ல் 40, 60-ல் 70, 90-ல் 90 சதவீதம்.

கடையை முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டும் முதல்கட்ட விளம்பரத்துக்குச் செலவு 2,40,000 ரூபாய். 7 நாள் கணக்கில் ஓர் ஆர்டருக்கு 40,000. 30 நாள் கணக்கில் 15,000. 90 நாளில் சுமார் 6,700. ஓர் ஆர்டரில் கையில் நிற்பது 18,000 என்றால், ஒரே விளம்பரம் முதல் கணக்கில் பெரும் நஷ்டம், இரண்டாவதில் இழுபறி, மூன்றாவதில் நல்ல வியாபாரம்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. குறுகிய விண்டோ விற்பனையை விட்டுவிடுவதோடு நிற்காது, அதை வேறு ஒருவர் கணக்கில் எழுதிவிடும். 7 நாளுக்குள் வராத 34 பேரில் 22 பேர், பணம் கட்டுவதற்கு முந்தைய வாரத்தில் கடைப் பெயரைக் கூகுளில் தேடி, அங்கிருந்த விளம்பரத்தை அழுத்தியே வந்திருந்தார்கள். C பத்தியை வைத்திருந்தது இதற்காகத்தான். 7 நாள் விண்டோவில் அந்த 22-உம் கடைப்பெயர் விளம்பரத்துக்குப் போய்விடும். அது தங்கமாகத் தெரியும், முதல்கட்ட விளம்பரம் தண்டமாகத் தெரியும். உடனே முதலாளி முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை நிறுத்துவார். இரண்டு மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு கடைப் பெயரைத் தேடுகிறவர்களே குறைவார்கள். காரணம் என்னவென்று அப்போது யாருக்கும் பிடிபடாது.

விண்டோவை மட்டும் 90 ஆக்கினால் இது சரியாகிவிடாது. எந்த க்ளிக்குக்கு எவ்வளவு பங்கு என்று முடிவு செய்யும் மாடல் “Last click” என்று இருந்தால் 90 நாளிலும் அந்த 22 கடைசி க்ளிக்குக்கே போகும். “Data-driven” என்று வைத்தால்தான் பங்கு பிரியும். அப்போதும் முதல்கட்ட விளம்பரத்துக்கு 36 முழுதாகக் கிடைக்காது. கூகுள் பங்கு போட்டு 21.4 என்கிற மாதிரிப் பின்னத்தில் காட்டும். மேலே சொன்ன 6,700, செலவு அதற்குக் கீழே இறங்காது என்கிற அடிமட்டம்தான்.

60-ஆ 90-ஆ என்பதை அந்த நடு 8 ஆர்டர்களை வைத்துத் தீர்மானித்தோம். விண்டோ நீள நீள, எப்படியும் வந்திருக்கக் கூடியவர்களும் உள்ளே நுழைவார்கள். பில் போடும்போது கேட்ட பதிலில், 8 பேரில் 5 பேர் ஊஞ்சல் வீடியோவைக் குறிப்பிட்டார்கள், 3 பேர் சொந்தக்காரர் வீட்டில் பார்த்து வந்தவர்கள். பாதிக்கு மேல் விளம்பரத்தால் வந்தவர்கள் என்பதால் 90. இது 2, 6 என்று இருந்திருந்தால் 60-லேயே நிறுத்தியிருப்போம். 90-க்குப் பிந்திய 4 பேர், முன்னோர் படைப்புக்கு ஊருக்கு வரும்போது நேரில் தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்கள். அவர்களுக்கு எந்த விண்டோவும் பத்தாது. நோட்டில் இருக்கட்டும்.

பார்வைக் கணக்கு வேறு. விளம்பரத்தை அழுத்தாமல் கண்ணில் பட்டதற்கே பெயர் எடுத்துக்கொள்வது அது. கூகுளில் 30 நாள் வரை நீட்டலாம், நீட்டாதீர்கள். காரைக்குடி அளவுள்ள ஊரில் செக்காலை ரோட்டில் போகிறவர் எல்லோர் போனிலும் படம் ஒருமுறை வந்திருக்கும், கடைக்குத் தானாக நடந்து வந்தவரையும் விளம்பரமே கூட்டிவந்ததாகச் சொல்லும். 1 நாளிலேயே விட்டுவிடுங்கள்.

கூகுள் ஆட்ஸில் க்ளிக் விண்டோவை மாற்றும் இடம்: Goals, பிறகு Conversions, Summary, நாம் எண்ணும் செயலான அந்தக் கன்வெர்ஷனின் Edit settings, அதில் “Click-through conversion window”. மாற்றியது அன்றிலிருந்துதான் செல்லும், பழைய எண்கள் அப்படியே நிற்கும். அதனால் போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட்டால் விற்பனை திடீரென ஏறியது போலத் தெரியும். இதைத் தவிர்க்க, இருப்பதை 30 நாளிலேயே விட்டுவிட்டு, அதே அட்வான்ஸுக்கு 90 நாள் விண்டோவோடு இன்னொரு கன்வெர்ஷன் உருவாக்கி, அதை “Secondary” என்று வைத்தோம். அது விளம்பர இடத்துக்குக் கூகுள் நடத்தும் ஏலத்தைத் தொடாது, பக்கத்தில் நின்று எண்ணும். தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுளின் ஜிஏ4-இல் பெரும்பாலான கீ ஈவென்ட்டுகளுக்கு இயல்பாகவே 90 நாள்தான், அங்கே யாரும் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கடையில் வாங்கிய அட்வான்ஸைக் கூகுளுக்கு ஏற்றும்போதும் 90 நாள் வரம்பு உண்டு. க்ளிக் அதற்கு மேல் பழையதானால் வரி நிராகரிக்கப்படும். மாதம் ஒருமுறை ஏற்றலாம் என்று விட்டால் 75-ஆம் நாளில் வாங்கியவர் விழுந்துவிடுவார். வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றுகிறோம். நேரத்தை `2025-09-12 17:40:00+05:30` என்று இந்திய நேரத்தோடு எழுத வேண்டும்.

ஏலத்துக்கு அட்வான்ஸைக் கொடுப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து வரும் செய்தியை வைத்துக் கூகுள் இன்றைய விலையை முடிவு செய்ய முடியாது. ‘அளவு அனுப்பி விலை கேட்டவர்’ என்பதை “Primary” ஆக வைத்தோம்; அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நடந்துவிடும். நாலு விலைக்கு ஒன்று ஆர்டராவதால், ஒவ்வொன்றுக்கும் மதிப்பு 18,000-இல் கால் பங்கு, 4,500. மெட்டாவில் 7 நாளுக்குள் அடங்கக்கூடியதும் இது ஒன்றுதான்.

படிப்புகளை விளம்பரம் செய்கிறவர்களுக்கும் இதே முறைதான், ஆனால் இடைவெளி மனசைப் பொறுத்ததல்ல, அட்மிஷன் தேதியைப் பொறுத்தது. ஜனவரியில் க்ளிக் செய்தவர் ஜூனில் கட்டும் ஃபீஸ் 90-ஐத் தாண்டிவிடும். அங்கே ஃபீஸை விட்டுவிட்டு விண்ணப்பத்தை எண்ண வேண்டும்.

மாதக் கடைசியில் முதலாளி ‘இந்த மாதம் எவ்வளவு?’ என்று கேட்பார். 30 நாள் ஆன செலவுக்கு 4 ஆர்டர் வந்திருந்தால், அது 40 சதவீதம்தான் என்பதால் 10-ஐ எதிர்பார்க்கலாம் என்று சொல்கிறோம். ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதி விசாரணைகளுக்கு மட்டும் இந்தப் பெருக்கல் பொருந்தாது. ஆடி பிறந்ததும் எண்ணிக்கை அப்படியே நின்றுவிடும், 40 சதவீதமே வந்திருக்காது. அந்த நாலு வாரத்துக்கு, போன வருஷம் அதே வாரங்களில் 30 நாளில் எத்தனை சதவீதம் வந்தது என்று தனியாக எடுத்து அதை வைத்துப் பெருக்குகிறோம்.