பேசுறதுக்கு முன்னாடி மார்க்கை எழுதிடுங்க
இன்னைக்கு மூணு பேர் பேனல்ல உக்காந்து அஞ்சு பேரை இன்டர்வியூ எடுத்தோம். போன தடவை ஒரே ஆள்கிட்ட "ஏன் பழைய வேலையை விட்டீங்க"னு மூணு பேருமே கேட்டு நேரம் போச்சு, அதனால இந்த தடவை முன்னாடியே பிரிச்சுக்கிட்டோம். வேலை தெரியுமாங்கிறது என் பொறுப்பு, டீம்ல எப்படி இருப்பாங்கங்கிறது இன்னொருத்தர், சிக்கலான நேரத்துல என்ன பண்ணாங்கங்கிறது மூணாவது ஆள். ஒருத்தர் கேள்வியில இருந்து கிளைக் கேள்வி கேக்கலாம், ஆனா அதே கேள்வியை வேற வார்த்தையில திருப்பிக் கேக்கக் கூடாது. கேக்குறது ஒருத்தர்னாலும் எல்லா தலைப்புக்கும் மூணு பேருமே மார்க் போடணும்.

ஆள் வெளிய போனதும் அஞ்சு நிமிஷம் யாரும் வாயே திறக்கல. 1ல இருந்து 5 வரைக்கும் மார்க், பக்கத்துல அவங்க சொன்ன பதில்ல இருந்து ஒரு வரி, அவ்வளவுதான். அப்புறம்தான் பேப்பரை ஒண்ணா திருப்பி வச்சோம். மூணாவதா வந்தவருக்கு டீம் விஷயத்துல நான் 4, சீனியர் 2, இன்னொருத்தர் 4. சீனியர் முதல்ல பேசியிருந்தா நானும் 3க்கு இறங்கியிருப்பேன், சத்தியமா. காரணம் கேட்டா, தப்பு நடந்ததைச் சொல்லும்போதெல்லாம் "அவங்க", நல்லது நடந்தா மட்டும் "நான்"னு வந்தவர் சொன்னதை சீனியர் எழுதி வச்சிருந்தாரு, நான் அதைக் கவனிக்கவே இல்ல. சராசரி போட்டு மூடாம அதைப் பேசினோம், நான் 3 ஆக்கினேன், பழைய 4ஐ அழிக்காம பக்கத்துலயே காரணமும் எழுதிட்டேன்.