தாழ்ப்பாள் சத்தம்

நான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன கதையை ஆவணப்படமாக எடுக்கிறேன். நேற்று முழுக்க ஒரே காட்சியோடு மல்லுக்கட்டினேன். காரைக்குடி வீட்டில் ஆத்தா நிலைக்கதவைச் சாத்துகிறார், 12 விநாடி.

‘கனத்த மனத்தோடு ஆத்தா கதவைச் சாத்தினார்’ என்று பின்னணிக் குரலுக்கு எழுதியிருந்தேன். சாத்துவதுதான் திரையிலேயே தெரிகிறதே! மனம் கனத்ததை நானே அறிவித்தால் யார் நம்புவார்கள்? கேமராவுக்குத் தெரியாததைத்தான் குரல் சொல்ல வேண்டும். அடித்துவிட்டு மாற்றினேன்: ‘நான் திரும்பிப் பார்க்கவில்லை. பையில் சீப்புச்சீடை நொறுங்கிவிடுமோ என்பதுதான் அப்போதைய கவலை.’

வாய்விட்டுப் படித்தால் 6 விநாடி. மிச்சத்துக்குத் தாழ்ப்பாள் சத்தம் போதும். ‘இனி எதுவும் பழையபடி இருக்காது’ என்ற அடுத்த வரியையும் வெட்டினேன். இருபத்திரண்டு வயதில் அது எனக்கு எப்படித் தெரியும்?